பெயர் மாற்றம் மட்டும்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது புரோகிராமில் செய்த மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லி சுஹேல் அகமது அனுப்பிய புல் ரெக்வெஸ்ட் என் திரையில் காத்திருந்தது. "தோல் யூனிட் ஃபைல்களின் பெயர், இடம் மாற்றம் மட்டும். வேறு எதுவும் இல்லை" என்பது தலைப்பு. கேட்காமலேயே ஒருவர் "வேறு எதுவும் இல்லை" என்று சொன்னால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். அது என் சுபாவம். இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு கூட்டுக் குடும்பத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று என் அம்மா கேட்பதுண்டு.

சுஹேல் அகமது ஆபீஸில் எனக்கு சீனியர். வீட்டில் என் கணவருடைய அண்ணன். கணவர் நவீத் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். நான் ஆம்பூரில் அவருடைய அண்ணன் வீட்டில், மாமியார் அக்தரி பேகத்தின் பார்வையில் இருக்கிறேன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் சுஹேல்தான், காலையில் காரில் கூட்டி வந்து மாலையில் கூட்டிப் போவதும் அவர்தான். "வேலைக்குப் போறது போவட்டும், தனியா பஸ்ல போவ வேணாம்" என்று மாமியார் போட்ட நிபந்தனை அது. ஆபீஸில் அவரை சார் என்பேன், வீட்டில் அண்ணன் முறைக்குப் பாய்ஜான் என்பேன். அங்கே தமிழ், இங்கே உருது. எந்த மொழியில் கூப்பிட்டாலும் ஒரே ஆள்தான் திரும்பிப் பார்க்கிறார் என்பதுதான் என் சங்கடம்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு ஷூ யூனிட், கொஞ்சம் தள்ளி தோல் பதனிடும் யூனிட் ஒன்று. இரண்டுக்கும் புரோகிராம் எழுதும் அறையில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து அப்ரூவ் செய்த பிறகுதான் அது மெயின் புரோகிராமோடு மெர்ஜ் ஆகும், அதாவது சேரும். அவர் எழுதியதற்கு நான், நான் எழுதியதற்கு அவர். மேனேஜர் கோதண்டபாணிக்கும் அப்ரூவ் செய்யும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பட்டனை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

தோல் யூனிட்டின் ஃபோல்டர்கள் ஒரே குப்பை. 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'நிஜமான கடைசி' என்று கிடக்கும். ஷூ யூனிட் மாதிரி இதையும் ஒழுங்குபடுத்துங்கள் என்று நச்சரித்தவளே நான்தான். இப்போது நூற்றெண்பது ஃபைல்களையும் மொத்தமாக வாரி அடுக்கி அனுப்பியிருக்கிறார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"சாயந்திரத்துக்குள்ள மெர்ஜ் ஆவணும். டேப்லெட்டுக்கெல்லாம் இன்னைக்கே ஏத்தணும்" என்றார் சுஹேல், தன் மேசையிலிருந்து.

"பார்க்குறேன் சார்."

"பார்க்க இன்னா இருக்கு? ரினேம்தான?"

பார்க்க இருக்கிறது. ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' என்ற மென்பொருள் அதைப் பெயர் மாற்றம் என்று எழுதி வைத்துக்கொள்வதில்லை. பழைய இடத்தில் ஒன்று காணாமல் போயிருக்கிறது, புது இடத்தில் ஒன்று வந்திருக்கிறது, இரண்டும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று பார்த்து அதுவாக ஊகித்துச் சொல்லும். நூறு என்றால் உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. தொண்ணூற்றெட்டு என்றால் ஏதோ மாறியிருக்கிறது. அதிலும் தப்பில்லை. ஒரு ஃபைல் வீடு மாறினால் அதைக் கூப்பிடும் மற்ற ஃபைல்களில் விலாசத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். அந்த இம்போர்ட் வரிகள் எழுபது எண்பது ஃபைல்களில் மாறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வரி, பார்க்கப் பார்க்கக் கண் சொக்கும். ஒருவர் எதையாவது ஒளிக்க நினைத்தால் இதைவிட நல்ல கூட்ட நெரிசல் கிடைக்காது.

அதனால் நான் பக்கம் பக்கமாக உருட்டிப் பார்க்கவில்லை. அவருடைய மாற்றங்கள் இருக்கும் கிளையை என் கம்ப்யூட்டரில் இறக்கி, நூறு சதவீதம் ஒத்துப்போனதை முதலில் ஒதுக்கினேன். மீதியில் மாறிய வரிகளை மட்டும் எடுத்து, அதிலும் இம்போர்ட் வரிகளைக் கழித்துவிட்டு, என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன். ஒன்றுமே மிஞ்சக்கூடாது.

அந்த நேரத்தில் சாமுவேல் டேப்லெட்டோடு உள்ளே வந்தார். கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஃபோர்மேன், மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். குரல் மட்டும் எப்போதும் முன்னாலேயே வந்துவிடும்.

"மேடம், சார்ஜே நிக்கல இதுல. நாளைக்குத் தொட்டில பம்ப்பு வேலை. நான்தான் எறங்குறேன். இது பாதில செத்துப்போச்சுன்னா அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"வேற டேப்லெட் தர்றேன் அண்ணே."

"அதோட அந்தப் பதினஞ்சு நிமிஷத்தையும் கொஞ்சம் பாருங்க. பெரிய பேஜாரு. ரெண்டு போல்ட்டு கழட்டுறதுக்குள்ள கத்துது. மேல ஏறி, மீட்டரைக் காட்டி, திரும்ப எறங்கி... ஒரு வேலை மூணு வேலையாவுது."

சிரித்துவிட்டுப் போனார். அவர் சொன்ன பதினைந்து நிமிடம் எங்கள் புரோகிராமில் இருக்கும் ஒரு விதி. கழிவுத் தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமென்றால் முதலில் விஷவாயு மீட்டரைத் தொட்டிக்குள் விட்டு அளவெடுக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால்தான் டேப்லெட் "இறங்கலாம்" என்று பச்சை காட்டும். அந்த அளவுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஆயுள். அதற்குப் பிறகு டேப்லெட் கத்தும், ஆள் மேலே வந்து மறுபடி அளக்க வேண்டும். காரணம் எளிது. அடியில் கிடக்கும் சகதி சும்மா இருக்கும்வரை வாயுவும் அடங்கிக் கிடக்கும். காலை வைத்துக் கலக்கினால் கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே விழுவான்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். ஒரு வரி மிஞ்சியிருந்தது. அளவீடு செல்லுபடியாகும் நிமிடங்கள்: 15 என்றிருந்தது 240 ஆகியிருந்தது.

நான்கு மணி நேரம். காலையில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு மதியம்வரை உள்ளே இருக்கலாம். சாமுவேல் நாளைக்கு இறங்குகிறார்.

அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. தட்டச்சில் ஏதோ தவறு நடந்திருக்கும், டெஸ்ட் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பதினாறு நிமிடத்துக்கு முன் எடுத்த அளவைக் கொடுத்தால் புரோகிராம் மறுக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டை நானே எழுதியிருக்கிறேன். அது சிவப்பு காட்டியிருக்க வேண்டும். ஆனால் புல் ரெக்வெஸ்ட்டில் எல்லாம் பச்சை. எப்படி? ஓடிய டெஸ்ட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். மெயினில் இருநூற்றுப் பன்னிரண்டு, இதில் இருநூற்று ஒன்பது. மூன்று தோற்கவில்லை, ஓடவே இல்லை.

எங்கள் ஏற்பாட்டில் ஃபைலின் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினால்தான் அதைத் தேடிப்பிடித்து ஓட்டும். அந்தச் சொல் இல்லாத புதுப் பெயரோடு, அந்த மூன்றும் இருந்த என் டெஸ்ட் ஃபைல் வேறு ஃபோல்டரில் கிடந்தது. உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை, நூற்றுக்கு நூறு. முதலில் நான் "சுத்தம்" என்று ஒதுக்கித் தள்ளிய கூட்டத்தில் அதுவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது அந்த வரியைப் பார்த்து அல்ல, இதைப் பார்த்துத்தான். எண்ணை மாற்றுவதற்கு யாராவது ஒரு காரணம் சொல்லக்கூடும். டெஸ்ட்டின் வாயைக் கட்டியதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

நேராக சுஹேலிடம் போகத் துணிவு வரவில்லை. கோதண்டபாணியின் கண்ணாடி அறைக்குப் போனேன். வேலூரில் ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், சட்டையில் சென்ட் வாசனை. லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன். பார்த்தார். புரிந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது, புரிந்ததை உடனே துடைத்துப்போட்டதும் தெரிந்தது.

"நான் கோடு படிச்சு பத்து வருஷம் ஆச்சும்மா."

"இதுக்குப் படிக்கவே வேணாம் சார். பதினஞ்சு இருந்த எடத்துல இரநூத்தி நாப்பது இருக்கு. சாமுவேல் நாளைக்கு எறங்குறாரு."

"சுஹேல் செஞ்சா யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாரு. அவர்கிட்டயே கேளு." பையை எடுத்துக்கொண்டார். "உங்க வீட்டு விஷயம்மா அது. நடுவுல நான் எதுக்கு?"

எங்கள் வீட்டு விஷயமாம். தொட்டி எங்கள் கொல்லையில் இருக்கிறது போல.

திரும்பி வந்து சுஹேலின் மேசை முன்னால் நின்றேன்.

"சார், அந்த பதினஞ்சு நிமிஷம் மாறியிருக்கு."

அவர் நிமிரவில்லை. "ஆமா. ஜி.எம். சொன்னாரு. வேலை நிக்குதாம்."

"டைட்டில்ல இல்லையே."

"எல்லாத்தையும் டைட்டில்ல எழுதிக்கினு இருக்க முடியுமா?"

"டெஸ்ட் ஃபைலோட பேரு?"

இதற்குத்தான் நிமிர்ந்தார். "அது ஃபெயில் ஆச்சு."

"ஃபெயில் ஆவத்தான் சார் எழுதினேன்."

அவருடைய மகள் அலீனாவின் பள்ளிக்கூட போட்டோ அவர் திரைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுபவள் நான்.

"ரெண்டா பிரிச்சுக் குடுங்க சார். பேரு, எடம் மாத்துனது ஒன்னு. அந்த ஒரு வரி தனியா ஒன்னு. ரெண்டும் ஒன்னுல இருந்தா நான் ஓகே போட மாட்டேன்."

"போட மாட்டே?"

"மாட்டேன் சார்."

வீட்டில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டு என் மேசைக்கு நடந்தேன்.

அவர் பிரித்தார். வேலையில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. முதலாவதில் நூற்றெண்பது ஃபைல்கள், விலாசம் மாறிய இம்போர்ட் வரிகள், அவ்வளவுதான். மறுபடியும் கழித்துப் பார்த்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. என் டெஸ்ட்டுக்கு அதன் பெயரின் முன்பாதி திரும்பக் கிடைத்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் ஓடின, எல்லாம் பச்சை. மனசு நிறைந்து அப்ரூவ் போட்டேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

பிறகு இரண்டாவது வந்தது.

தலைப்பில் ஒளிவுமறைவே இல்லை. "தொட்டியில் இறங்க அளவீடு செல்லுபடியாகும் நேரம் 15லிருந்து 240 நிமிடம்." மாறியது ஒரே வரி, அதற்கேற்ப டெஸ்ட்டில் பதினாறு நிமிடம் இருநூற்று நாற்பத்தொன்று ஆகியிருந்தது. பளிச்சென்று இருந்தது. நான் கேட்டதை அப்படியே செய்துகொடுத்துவிட்டார், ரிவ்யூவர் என்ற இடத்தில் என் பெயர் ஒன்றுதான்.

அப்போதுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. ஒளித்து வைத்திருந்தவரை முறை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது முறை சரி. ஒரு வரி, ஒரு கேள்வி. சரி என்றால் சாமுவேலை நானும் சேர்ந்து இறக்குகிறேன். இல்லை என்றால் யாருடைய வீட்டில் சாப்பிடுகிறேனோ அவரை ஜி.எம். முன்னால் நிறுத்துகிறேன். சாமுவேலிடம் கேட்டால் அவரே "போடுங்க மேடம்" என்பார். எனக்குத் துணைக்கு ஒருவரும் இல்லை, காப்பாற்றப்பட வேண்டியவர்கூட இல்லை.

பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது. "மாற்றம் தேவை" என்பதை அழுத்திவிட்டுக் கீழே எழுதினேன்: "காலையில் எடுத்த அளவு, சகதியைக் கலக்கிய பிறகு செல்லாது. நேரத்தை மாற்ற வேண்டுமானால் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அதுவரை என் அப்ரூவல் இல்லை." அனுப்பியதும் சுஹேலின் மேசையில் டிங் என்று சத்தம் கேட்டது. அவர் படிப்பது எனக்குத் தெரிந்தது. படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

காரில் நான் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவேன். அவருடைய பின்னந்தலையையும் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணையும் மட்டும் பார்த்துக்கொண்டு வருவேன். ஹைவேயில் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன, நகர வழியில்லை. ஏ.சி. போட்டும் வியர்த்தது. பிரியாணிக் கடை வந்ததும் வழக்கம்போல ஓரங்கட்டினார், ஆனால் இறங்கவில்லை.

"தொட்டில யாரு எறங்குவாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் உருதுவில்.

கண்ணாடியில் தெரிந்த அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தேன்.

"ஜி.எம். வாயாலதான் சொல்வாரு. கையால எழுத மாட்டாரு. நான் எழுதணும், நீ ஓகே போடணும். நாளைக்கு ஏதாச்சும் ஆனா எழுதினவனும் ஓகே போட்டவளும் ஒரே வீடு. ரெண்டு பேரும் பேசி வச்சு செஞ்சாங்கன்னு சொல்லிடலாம். அவருக்கு எவ்வளவு சௌகரியம் பாரு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றிய பிறகும் அனுப்பியிருக்கிறார்.

"தெரிஞ்சுமா பாய்ஜான் எனக்கு அனுப்பினீங்க? ஒளிச்சு வேற வச்சு?"

"நீ பார்க்காம ஓகே போட்டிருந்தா உனக்குத் தெரியாதுன்னு ஆயிருக்கும். உன்னை இழுக்கக் கூடாதுன்னுதான்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "தெரியாம நான் ஓகே போட்டாலும் எறங்குறவர் எறங்குறவர்தான பாய்ஜான்?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வீட்டில் கேட்காத சத்தம்.

அவர் போனை எடுத்தார். விரல் இரண்டு மூன்று முறை நகர்ந்தது. திரையைப் பின்னால் திருப்பிக் காட்டினார். இரண்டாவது புல் ரெக்வெஸ்ட்டை மூடியிருந்தார், மெர்ஜ் ஆகாமலேயே.

"நாளைக்குப் பழசுதான் ஓடும். பதினஞ்சு நிமிஷம்." போனைச் சட்டைப் பையில் போட்டார். "திங்கக்கிழமை ஜி.எம். கேட்பாரு. ரிவ்யூல நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவேன். யாருன்னு கேட்டா உன் பேரைச் சொல்லுவேன், முபஷ்ஷிரா. எனக்கும் வேலை வேணும். உன்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னா, நீயாவே நின்னுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம். திரும்ப வேற எடத்துல வேலைக்குப் போறேன்னு மட்டும் வந்து நிக்காத. என்னால முடியாது."

வேலை போனால் காலையிலிருந்து மாலைவரை அந்த வீடு. அதன் சுவர் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

"சொல்லுங்க பாய்ஜான்" என்றேன்.

இறங்கிப் போனார். எனக்கு மூச்சு முட்டியது, கொஞ்சம் காற்று வேண்டும்போல இருந்தது. கதவின் பிடியை இழுத்தேன், திறக்கவில்லை. அலீனா விளையாட்டாகத் திறந்துவிடுகிறாள் என்று பின்கதவுகளுக்குச் சைல்டு லாக் போட்டிருக்கிறார். வெளியே இருப்பவர்தான் திறக்க முடியும். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் கையை உயர்த்திக் கடைக்காரரிடம் எத்தனை பார்சல் என்று விரல் விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் சேர்த்துத்தான் காட்டினார்.